ஒரே கால், இரண்டு நோய்கள்

பாதத்தின் மேற்புறத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியான ஒரு முடிச்சு எழும்புகிறது. அழுத்திப் பார்த்தாலும் வலி இல்லை. நடவும் களையெடுப்பும் அதனால் நின்றுபோவதில்லை. ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், அந்த முடிச்சு பரந்து பாதத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. உள்ளங்காலின் குழிவு நிரம்பிப் புடைத்துக்கொள்கிறது. தோலில் சிறு கொப்புளங்கள் கிளம்பி, உடைந்து, துளைகளாகின்றன. ஒன்று மூடிக்கொண்டால் பக்கத்தில் இன்னொன்று திறக்கிறது. துளைகளிலிருந்து சீழ் கசிகிறது. சீழோடு குருணை போன்ற சிறு மணிகள் வெளிவருகின்றன. வலியற்ற வீக்கம், புரையோடிய துளைகள், குருணை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது மைசிடோமா. ஆனைக்காலில் கால் முழுக்க வீங்கும், ஆனால் குருணை வராது. 1842-இல் மதுரையின் மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் இந்தக் காலைப் பற்றி எழுதிவைத்தார். அதனால்தான் உலகெங்கும் மருத்துவப் பாடநூல்களில் இதற்கு ‘மதுரா கால்’ என்ற பெயர் நிலைத்தது.

காலைப் பார்த்தவுடனே மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அதோடு நோயைக் கண்டறிந்தாகிவிட்டது என்று நினைத்தால், அங்கேதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. இந்த ஒரே தோற்றத்துக்குப் பின்னால் இரண்டு வகை உயிரிகள் இருக்கின்றன. ஒன்று பூஞ்சை. மற்றது ஆக்டினோமைசிட்டுகள் என்னும் நூலிழை வடிவ பாக்டீரியாக்கள். உயிரினங்களின் வம்சாவளியில் பூஞ்சை நமக்குத்தான் நெருக்கமான உறவே தவிர, பாக்டீரியாவுக்கு அல்ல. நோயாளிக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. பாக்டீரியாவால் வந்த மைசிடோமாவை அறுவை இல்லாமல், மருந்தாலேயே, பத்தில் ஒன்பது பேர் வரை குணப்படுத்திய மருத்துவமனைகள் உண்டு. பூஞ்சையால் வந்ததில் மருந்தை மட்டும் நம்பினால் மூன்றில் ஒருவர் தேறுவதே கடினம். வெட்டியெடுத்த பிறகும் திரும்பிவருவதுண்டு, கடைசியில் காலையே இழப்பவர்களும் உண்டு. ஆகவே, எந்த உயிரி என்று தெரிவதற்குமுன் எழுதப்படும் மருந்துச் சீட்டு எதுவானாலும் அது ஊகம்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

இவ்வளவு தொலைவான இரண்டு உயிரிகள் ஒரே நோய்போலத் தெரிவது எப்படி? விடை குருணையில் இருக்கிறது. இரண்டுமே மண்ணில் வாழ்பவை; முள் குத்திய இடத்திலோ சிறு வெட்டுக்காயத்திலோ தோலுக்கு அடியில் சென்று சேர்கின்றன. இரண்டுமே நூலிழைகளாக வளர்ந்து, கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இறுகிய மணிகளாகத் திரள்கின்றன. நம் இரத்தத்தின் வெள்ளையணு ஒற்றை பாக்டீரியத்தை எளிதாக விழுங்கிவிடும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மணியை அதனால் விழுங்க முடியாது. அப்படி விழுங்க முடியாதபோது வெள்ளையணுக்கள் மணியைச் சூழ்ந்து மொய்க்கின்றன, அங்கேயே மடிகின்றன, சீழாகின்றன. சீழைச் சுற்றி உடல் நார்த்திசுவால் சுவர் எழுப்புகிறது. அதுதான் கையில் தட்டுப்படும் கெட்டித்தன்மை. சீழ் வழிதேடித் தோலைத் துளைத்து வெளியேறுகிறது, அதுதான் துளை. மணி இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓயாது. தசைநாண்களும் நரம்புகளும் நெடுங்காலம் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால்தான் இவ்வளவு உருக்குலைந்த காலோடும் ஒருவரால் வரப்பில் நடக்க முடிகிறது. எலும்பு ஆழமாக அரிக்கப்படும்போதோ, திறந்த துளைகள் வழியே வேறு கிருமிகள் புகுந்துகொள்ளும்போதோதான் வலி தலைகாட்டும். ஆக, உடல் எதிர்கொள்வது மணியின் வடிவத்தை. வடிவம் ஒன்றாக இருப்பதால் உடலின் பதிலும் ஒன்றாகவே இருக்கிறது.

மருந்து வடிவத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை, உயிரணுவின் வேதியியலைப் பார்த்து வேலை செய்கிறது. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமையலை இந்த மாத்திரை தடுக்கிறது. நாம் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுவதால் நமக்குப் பெரிய இழப்பு இல்லை. ஜென்டமைசின், அமிக்காசின் போன்ற ஊசிமருந்துகள் பாக்டீரியாவின் புரதம் செய்யும் உறுப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன; நம் உயிரணுக்களில் அந்த உறுப்பின் அமைப்பு வேறு. பூஞ்சையில் இப்படித் தாக்குவதற்கான இடங்கள் குறைவு, காரணம் அதன் உயிரணு நம்முடையதைப் போன்றது. மிஞ்சும் முக்கிய இலக்கு அதன் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப்பொருள். இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. மைசிடோமாவுக்குக் காரணமான பூஞ்சைகளில் முதன்மையானது மதுரெல்லா மைசிடோமாட்டிஸ். அதன் குருணை கறுப்பாக இருப்பது மெலனின் என்ற நிறமியால். இழைகள் அந்த மெலனினும் புரதமும் கலந்த, சிமென்ட் போலக் கெட்டியான ஒரு பொருளில் புதைந்துகிடக்கின்றன. மருந்து அந்தச் சுவரைக் கடந்து இழையைத் தொட வேண்டும். கடந்து சேரும் அளவு பல நேரங்களில் போதுவதில்லை.

இந்த வேறுபாடு புரிபட அரை நூற்றாண்டுக்குமேல் ஆனது. பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860-இல் மைசிடோமா என்ற பெயரைத் தந்தார். 1874-இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘கிரே’ உடற்கூறு நூலின் முதற்பதிப்புக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. கறுப்புக் குருணை ஒருவிதம், வெளிறிய குருணை வேறுவிதம் என்று அவர் பிரித்துக் காட்டினாலும், நோய்க்குக் காரணம் பூஞ்சை என்றே கருதினார். 1894-இல் வென்சான் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளிறிய குருணையிலிருந்து இன்று ஆக்டினோமதுரா மதுரே என்று அழைக்கப்படும் உயிரியைப் பிரித்து வளர்த்தார். அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. 1913-இல் பினுவா இரண்டு வகைகளையும் முறைப்படி பிரித்தார். ஆனால் அப்போது நோயாளிக்கு அதனால் எந்தப் பயனும் விளையவில்லை. சல்ஃபா மருந்துகள் வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்தன. எந்த வகையானாலும் கடைசி வழி காலை எடுப்பதுதான். பிரித்தறிந்தாலும் ஒன்றுதான், பிரித்தறியாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலை. மருந்துகள் வந்தபின் அந்த நிலை மாறிவிட்டது. காலைப் பார்த்தே முடிவுசெய்யும் பழக்கம் மட்டும் பல இடங்களில் மாறவில்லை.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 38, விவசாயக் கூலி. வலது பாதத்தில் நான்கு ஆண்டுகளாக வீக்கம், ஐந்து துளைகள், வெளிறிய மஞ்சள் நிறச் சீழ். முதலில் பார்த்த மருத்துவர் ஒரு துளையின் வாயைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சீழைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். இரண்டு நாளில் ஸ்டாபிலோகாக்கஸ் வளர்ந்ததாக அறிக்கை வருகிறது. அறிக்கை பொய்யில்லை. திறந்துகிடக்கும் எந்தப் புண்ணிலும் அந்தக் கிருமி குடியேறும். ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்தது, வீக்கத்தை உண்டாக்கியது அல்ல. அதற்குரிய ஆன்டிபயாட்டிக் பத்து நாள் கொடுக்கப்படுகிறது. கசிவு குறைகிறது, நாற்றம் போகிறது, அவ்வப்போது இருந்த வலி அடங்குகிறது. மருந்து கேட்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். வீக்கத்தின் சுற்றளவை ஒருவர் நாடா வைத்து அளந்திருந்தால் அது ஒரு மில்லிமீட்டரும் குறையவில்லை என்பது தெரிந்திருக்கும். மூன்று மாதத்தில் கசிவு திரும்புகிறது. அடுத்த மருத்துவர் எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பைப் பார்த்து எலும்புக் காசநோய் என்று எண்ணி அதற்கான மருந்தைத் தொடங்குகிறார். காசநோய் மருந்துகளில் சில, ஆக்டினோமைசிட்டுகளையும் ஓரளவு அடக்கக்கூடியவை. ஆகவே இங்கும் பாதி முன்னேற்றம் தெரிகிறது, உண்மை இன்னொரு ஆண்டு தள்ளிப்போகிறது. இந்த நோயில் ஆளை ஏமாற்றுவது இந்த அரைகுறைப் பலன்தான். பலனே இல்லாதிருந்தால் யாராவது மறுபடி யோசித்திருப்பார்கள்.

சரியான வழி நீளமானதோ செலவு மிக்கதோ அல்ல. சீழைத் துடைத்து எடுக்காமல் குருணையைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பழைய துளை ஆகாது. புதிதாகக் கிளம்பி இன்னும் உடையாத கொப்புளம் நல்லது. தோலைச் சுத்தம்செய்து அதைக் கீறி, பக்கங்களிலிருந்து அழுத்தினால் சீழோடு மணிகள் வரும். அப்படி வராவிட்டால் உப்புநீரில் நனைத்த காஸ் துணியைத் துளைகளின்மேல் வைத்து இரவு முழுவதும் கட்டிவைத்துக் காலையில் பிரித்தால், துணியின் இழைகளில் மணிகள் ஒட்டியிருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் ஆழமாகத் திசு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். கிடைத்த மணியை உப்புநீரில் பலமுறை அலசினால் ஒட்டியிருக்கும் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் போய்விடும். பிறகு இரண்டு கண்ணாடிச் சிலைடுகளுக்கு நடுவே வைத்து நசுக்க வேண்டும். கறுப்பு மணியானால் விரல் அழுத்தத்துக்கு எளிதில் இசையாது. கண்ணாடியில் நொறுங்கும் உணர்வு கைக்கே தெரியும். வெளிறிய மணிகள் பலவும் மெத்தென்று பரவிவிடும். நசுக்கியதில் ஒரு பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்தும், இன்னொரு பகுதியைக் கிராம் சாயம் ஏற்றியும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அங்கே கேள்வி ஒன்றுதான்: இழை எவ்வளவு தடிமன்? பூஞ்சை இழை 2 முதல் 5 மைக்ரான் வரை அகலமுள்ளது. குறுக்குச் சுவர்கள் தெரியும், ஓரங்களில் உப்பிய அணுக்களும் தெரியும். பாக்டீரிய இழையின் அகலம் 1 மைக்ரானுக்கும் குறைவு. கிராம் சாயத்தில் ஊதா நிறத்தில், மெல்லிய கிளைகளாக, சிக்கெடுக்காத தலைமுடிபோல் பின்னிக்கிடக்கும். பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவோடு ஒப்பிட்டாலே போதும், அதன் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான். மேலே சொன்ன நோயாளியின் மஞ்சள் மணியில் மெல்லிய ஊதா இழைகள் தெரிந்தால், அதுவரையிலான ஊகமெல்லாம் அரை மணி நேரத்தில் முடிவுக்கு வந்துவிடும். இழை பாக்டீரியா என்று தெரிந்ததும் இன்னொரு சிலைடைக் காசநோய்க் கிருமிக்குரிய சாயத்தில் தோய்த்து, வழக்கமான வலுவான அமிலத்துக்குப் பதில் 1 சதவீத கந்தக அமிலத்தால் கழுவினால், நோகார்டியா இனம் சிவப்பைத் தக்கவைத்துக்கொள்ளும். ஆக்டினோமதுராவும் ஸ்ட்ரெப்டோமைசசும் பொதுவாக இழந்துவிடும்.

இதற்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம், குருணையின் நிறமே போதுமே, நுண்ணோக்கி எதற்கு என்பது. நிறத்துக்கு மதிப்பு உண்டு. கறுப்பு மணி என்றால் ஏறத்தாழ எப்போதும் பூஞ்சைதான். சிவப்பு மணி என்றால் ஆக்டினோமதுரா பெல்லெட்டியேரி என்ற பாக்டீரியா. ஆனால் வெள்ளையும் வெளிறிய மஞ்சளும் எதையும் சொல்வதில்லை. நோகார்டியாவும் ஆக்டினோமதுரா மதுரேயும் அந்த நிறத்தில் வரும். செடோஸ்போரியம், அக்ரிமோனியம் போன்ற பூஞ்சைகளும் அதே நிறத்தில் வரும். நம் பகுதிகளில் வெளிறிய குருணை அரிதல்ல என்பதால், கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும் நம்பினால் எங்கே தீர்ப்பு மிகவும் தேவையோ அங்கேயே அது கைவிட்டுவிடும். எக்ஸ்ரேயும் இப்படித்தான். பாக்டீரியா எலும்பில் சிறு சிறு துளைகளைப் பல இடங்களில் இடும். பூஞ்சை, சென்டிமீட்டர் அளவிலான பெரிய குழிகளைச் சில இடங்களில் இடும். இது துணைச்சான்று, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது, நடைமுறையிலிருந்து வருவது. பாக்டீரியாவுக்குத்தான் நல்ல மருந்து இருக்கிறதே, முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் பாக்டீரியா, கேட்காவிட்டால் பூஞ்சை என்று முடிவுகட்டலாமே? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மருந்து என்ன என்று பாருங்கள். இந்தியாவில் தோல் மருத்துவர்கள் உருவாக்கிப் பரவலாகக் கையாளும் ஒரு முறையில், நான்கு வாரம் நாளுக்கு இருமுறை ஜென்டமைசின் நரம்பூசியும் அதோடு அதிக அளவில் கோட்ரைமாக்சசோலும் தரப்படுகின்றன. அதன்பின் கோட்ரைமாக்சசோலோடு டாக்சிசைக்ளின். எல்லாத் துளைகளும் ஆறியபின்னும் ஐந்தாறு மாதம். ஜென்டமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. காதைப் பாதித்தால் போன கேள்விப்புலன் திரும்பாது. அதனால் இரத்தத்தில் கிரியாட்டினினை அடிக்கடி அளக்க வேண்டும், கேட்கும் திறனைச் சோதித்துக்கொண்டே வர வேண்டும். பூஞ்சை இருப்பவருக்கு இதைச் சோதனைக்காகக் கொடுப்பது, எந்த நன்மையும் இல்லாமல் ஆபத்தை மட்டும் அவர் தலையில் கட்டுவதாகும். மேலும் நாம் மேலே பார்த்தபடி, மற்றக் கிருமிகள் அடங்குவதால் பூஞ்சைக் காலிலும் முதல் சில வாரம் முன்னேற்றம் தெரியும். சோதனையின் விடையே தவறாக வரக்கூடிய இடத்தில் சோதனை மருந்துக்கு என்ன பொருள்? அந்தக் காத்திருப்பில் பூஞ்சை சும்மா இருப்பதும் இல்லை. சிறிய முடிச்சாக இருக்கும்போது முழுதாக வெட்டியெடுக்க முடிந்த கட்டி, எலும்புக்குள் இறங்கியபின் அப்படி எடுக்க முடியாததாகிவிடும்.

கிராமத்தில் ஆய்வகம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. முழு அளவிலான ஆய்வகம் இல்லைதான். குருணையை வளர்த்து இனம் காண வாரக்கணக்காகும், வளர்ப்பில் வேறு பூஞ்சைகள் கலந்துவிடும். மரபணுச் சோதனை பெரிய நிலையங்களில்தான் நடக்கும். ஆனால் பூஞ்சையா பாக்டீரியாவா என்ற முதல் கேள்விக்கு அவை தேவையில்லை. காசநோய்த் திட்டத்தின்கீழ் சளிப் பரிசோதனைக்காக நுண்ணோக்கியும் சாயங்களும் பயிற்சிபெற்ற ஆய்வக நுட்புநரும் ஏராளமான ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சீழ் தோய்ந்த பஞ்சைக் கொடுக்காமல் கழுவிய மணியைக் கொடுப்பது மட்டுமே வித்தியாசம்.

பூஞ்சை என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும் என்பது கடைசி ஆட்சேபம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூஞ்சை மைசிடோமாவுக்கு இட்ராகோனசோல் நாள்தோறும் 400 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் ஓராண்டு கொடுக்கப்படுகிறது. ஆறு மாதமளவு மருந்துக்குப் பின்தான் அறுவை. அதற்குக் காரணம் உண்டு: மருந்து பூஞ்சையை அரிதாகவே கொன்றொழிக்கிறது, ஆனால் பரவிக்கிடக்கும் கட்டியைச் சுற்றித் தெளிவான நார்ச்சுவர் உருவாக உதவுகிறது. அப்படிச் சுவர் கட்டிய கட்டியை ஒட்டுமொத்தமாக எடுக்கலாம். மருந்து இல்லாமல் முதலிலேயே கத்தி வைத்தால் எல்லை தெரியாது, விட்டுப்போன மணிகளிலிருந்து நோய் திரும்ப முளைக்கும். ஆகவே பூஞ்சை என்று அறிவதன் பயன், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் இருக்கிறது. பாக்டீரியாக் காலுக்கோ இந்த அறுவை பெரும்பாலும் வேண்டியதே இல்லை. அதை அறியாமல் வெட்டப்பட்ட பாதங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கனக்கிறது.

பூஞ்சைப் பக்கத்திலும் அண்மையில் ஓர் அசைவு தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு சூடானின் கார்ட்டூமில் இயங்கிவந்த மைசிடோமா ஆய்வு மையத்தில், பூஞ்சை வகைக்கென உலகின் முதல் முறையான ஒப்பீட்டு மருந்துச் சோதனை தொடங்கியது. நாள்தோறும் உண்ண வேண்டிய இட்ராகோனசோலுக்கு எதிரில், வாரம் ஒருமுறை உண்ணும் ஃபாஸ்ராவுகோனசோல் இரண்டு அளவுகளில் 104 நோயாளிகளிடம் வைத்துப் பார்க்கப்பட்டது. அறுவையும் சேர்ந்தே நடந்தது. புதிய மருந்து பழையதை மிஞ்சிவிடவில்லை. என்றாலும் அதனோடு ஒப்பிடத்தக்க பலன் கிடைத்தது, மாத்திரைகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. கூலிவேலைக்குப் போகும் ஒருவர் ஓராண்டு முழுவதும் மருந்தைத் தவறாமல் உண்ண வேண்டும் என்ற இடத்தில் இந்தக் குறைப்புக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

இரண்டு வகையிலும் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதில்தான் கடைசித் தவறு நிகழ்கிறது. துளைகள் ஆறியதும் கால் சரியாகிவிட்டது என்று நோயாளி நினைக்கிறார். ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு நாள் கூலியைத் தின்னும்போது அவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் துளை மூடுவது சீழின் வழி அடைபட்டதைத்தான் காட்டுகிறது. உள்ளே மணி இல்லை என்பதைக் காட்டுவதில்லை. கட்டி கைக்குத் தட்டுப்படாமல் மறைந்திருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் எலும்புக் குழிகள் நிரம்பத் தொடங்கியிருக்க வேண்டும், அல்ட்ராசவுண்டில் குருணைக்குரிய பளிச்சென்ற புள்ளிகளோ அவற்றைச் சூழ்ந்த இருண்ட குழிகளோ தெரியக் கூடாது. சந்தேகமான இடம் இருந்தால் ஊசியால் உறிஞ்சியெடுத்து மறுபடி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இவை எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் மாத்திரையை நிறுத்தலாம். நிறுத்திய பின்னும் சில ஆண்டுகளுக்கு அந்தப் பாதத்தை மருத்துவரிடம் காட்டிக்கொண்டே வர வேண்டும்.